மூன்று சில்லர்களையும் ஒரே கோடைக்குள் மாற்றுவதா, இரண்டு கோடையாகப் பிரிப்பதா?

வணக்கம் சார்,

போன வாரக் கூட்டத்தில் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. கட்டடத்தின் ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் மூன்று சில்லருமே இருபது வயதைத் தாண்டியவை, எப்படியும் மூன்றையும் மாற்றத்தான் போகிறோம், அப்படியிருக்க ஒரே தடவையில் முடித்துத் தலைவலியைத் தீர்க்காமல் எதற்காக இரண்டு வருடம் இழுக்க வேண்டும் என்றீர்கள். அங்கே அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு வருவதைவிட எழுதி அனுப்புகிறேன் என்றேன், அதுதான் இது. கொஞ்சம் நீளமாக இருக்கும், ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள்.

நம் கையில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, மூன்றையும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டு, புதியவை ஓடும்வரை வாடகைச் சில்லரை வெளியே நிறுத்தி ஓட்டுவது. இரண்டு, வாடகை இல்லாமல், வரும் குளிர் மாதங்களுக்குள்ளேயே ஒன்றன்பின் ஒன்றாக மூன்றையும் மாற்றுவது. மூன்று, வரும் கோடைக்கு முன் ஒன்றை மட்டும் மாற்றி, அந்தக் கோடையை ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த கோடைக்கு முன் மீதி இரண்டை மாற்றுவது. நான்காவதாக, மூன்றாம் நம்பர் சில்லருக்கு டியூப்களை மட்டும் புதிதாகப் போட்டு இன்னும் சில வருடம் தள்ளலாமே என்று உங்கள் பராமரிப்பு மேனேஜர் கேட்டார். அந்தக் கம்ப்ரஸருக்கும் பழைய கண்ட்ரோல் பேனலுக்கும் மேல் அவ்வளவு செலவை ஏற்றுவது வீண் என்பதால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

நான் மூன்றாவது வழியைச் சொல்கிறேன். காரணங்களில் பெரியது எதுவென்றால், நாம் எத்தனை டன் குளிர்ச்சித் திறன் வாங்க வேண்டும் என்பதே இன்று நமக்குத் தெரியாது. இதைக் கேட்டால் உங்களுக்குக் கோபம்கூட வரலாம், இத்தனை வருடமாகப் பதிவேடு எழுதுகிறார்களே என்று. எழுதுகிறார்கள், மணிக்கு மணி ஒழுங்காகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

ஒரு சில்லர் எத்தனை டன் குளிர்ச்சி தருகிறது என்பதை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. அதன் வழியாகப் போகும் தண்ணீரின் அளவும், உள்ளே வரும் தண்ணீருக்கும் வெளியே போகும் தண்ணீருக்கும் உள்ள வெப்ப வித்தியாசமும் தெரிந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். விநாடிக்கு இத்தனை லிட்டர், பெருக்கல் 4.19, பெருக்கல் வெப்ப வித்தியாசம், வருவது கிலோவாட். அதை 3.517ஆல் வகுத்தால் டன். உங்கள் பிளாண்டில் தண்ணீர் அளக்கும் மீட்டர் இல்லை, பம்பின் பெயர்ப்பலகையைப் பார்த்து ஒரு சில்லருக்கு விநாடிக்கு 45 லிட்டர் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோடை உச்சத்தில் இரண்டு சில்லர் ஓடும்போது பேனலில் 12 டிகிரி உள்ளே, 7 டிகிரி வெளியே என்று காட்டுகிறது, அதாவது வித்தியாசம் 5. கணக்குப் போட்டால் ஒரு சில்லருக்கு 268 டன், இரண்டுக்கும் சேர்த்து 536 டன்.

பிளாண்ட் ரூமுக்கு வந்தபோது அந்த இரண்டு சென்சார்களையும் வெளியே எடுத்து, ஐஸ் போட்ட ஒரே வாளித் தண்ணீரில் ஒன்றாக முக்கிப் பார்த்தோம். ஒரே தண்ணீர், இரண்டும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். வெளியே போகும் பக்கத்துச் சென்சார் 0.1 காட்டியது, உள்ளே வரும் பக்கத்தது 1.0 காட்டியது. கிட்டத்தட்ட ஒரு டிகிரி கூடுதல். வீட்டில் காய்ச்சல் பார்க்கும்போது ஒரு டிகிரி தப்பினாலே தாங்காது, இங்கே மொத்த வித்தியாசமே ஐந்து டிகிரிதான், அதில் ஒன்று போனால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. உண்மையான வித்தியாசம் 4 என்று வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போட்டால் ஒரு சில்லருக்கு 214 டன், இரண்டுக்கும் சேர்த்து 430 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணீர் 45 லிட்டர்தான் போகிறதா என்பது இன்னொரு சந்தேகம், அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

ஆக உங்கள் கட்டடத்தின் உச்சத் தேவை 430 டன்னாகவும் இருக்கலாம், 540 டன்னாகவும் இருக்கலாம். சரி, அதனால் என்ன, பெரிதாகவே வாங்கிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் பணம் போகிறது. புதிதாக 300 டன் இரண்டும் 150 டன் ஒன்றும் வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியதில் ஒன்று படுத்துவிட்டாலும் மீதி 450 டன் கையில் இருக்கிறது. தேவை 430 என்றால் உச்ச நாளிலும் சமாளித்துவிடலாம், கட்டடத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. தேவை 540 என்றால் அதே நாளில் 90 டன் துண்டு விழும், மேல் மாடிகள் வேகும். அப்படியானால் மூன்றாவதும் 300 டன்னாகத்தான் இருக்க வேண்டும். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் இன்று மூன்றுக்கும் ஆர்டர் கொடுத்தால், பயத்தில் 300 டன் மூன்றைத்தான் எழுதுவோம். எந்த ஆலோசகரும் அப்படித்தான் எழுதுவார், நானும்தான். பெரிதாகப் போட்டதற்காக யாரும் ஆலோசகரைத் திட்டியதில்லை, ஏனென்றால் அதனால் வரும் நஷ்டம் மாதாமாதம் மின்கட்டணத்தில் சத்தமில்லாமல் போய்விடும்.

அந்த நஷ்டம் ராத்திரியில்தான் நடக்கிறது. இரவு பத்து மணிக்குமேல் உங்கள் கட்டடத்துக்கு சர்வர் அறைகள், பாதுகாப்பு அறை, இரண்டு மாடிகளில் இரவு ஷிப்ட் என்று கொஞ்சம்தான் தேவை. அதற்கு 300 டன் மிஷின் ஒன்று ஓடுகிறது. சென்ட்ரிஃபியூகல் கம்ப்ரஸர் அவ்வளவு குறைந்த சுமையில் ஓடும்போது, வாயுவை முன்னே தள்ளப் போதிய வேகமில்லாமல் அது திரும்பித் திரும்பிப் பின்னால் வரும். இதைத்தான் சர்ஜ் என்கிறோம். உங்கள் இரவு ஆபரேட்டரைக் கேட்டுப் பாருங்கள், "விடியக்காலையில மிஷின் உறுமும் சார், அப்புறம் தானா அடங்கிடும்" என்றார். உறுமும்போது ஆம்பியர் முள் மேலும் கீழும் ஆடும், பேரிங்குக்கு அது நல்லதில்லை. அதைத் தவிர்ப்பதற்காக ஹாட் கேஸ் பைபாஸ் வால்வைத் திறந்துவைத்திருக்கிறார்கள், அதாவது கம்ப்ரஸர் அழுத்திய வாயுவில் ஒரு பகுதியை வேலைக்கே அனுப்பாமல் சுற்றிவிட்டுத் திரும்பக் கொண்டுவருகிறார்கள், அதற்கும் மின்சாரம் ஆகிறது. வேகத்தை மாற்றி ஓடும் புதிய மிஷின் இதைவிட நன்றாகவே சமாளிக்கும் என்றாலும் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. 150 டன் ஸ்க்ரூ மிஷின் ஒன்று இருந்தால் இரவு முழுக்க அதை மட்டும் நிம்மதியாக ஓட்டலாம். வைக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்க உச்சத் தேவையும் இரவுத் தேவையும் அளந்து தெரிய வேண்டும். அதை அளக்க ஒரு முழுக் கோடை வேண்டும், நம்பக்கூடிய மீட்டரோடு. அதனால்தான் முதல் கட்டத்திலேயே பொது லைனில் ஒரு ஃப்ளோ மீட்டரும், ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்த்த சென்சார் ஜோடியும் சேர்த்திருக்கிறேன். மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இப்போது மற்ற இரண்டு வழிகளைப் பற்றி.

முதல் வழியில், மூன்றையும் ஒரே நேரத்தில் கழற்றுவதில், ஒரு கவர்ச்சி இருக்கிறது. கிரேன் ஒரே தடவை வரும், பின்பக்கச் சுவரை ஒரே தடவை உடைப்போம், ஒப்பந்தக்காரரும் விலையில் கொஞ்சம் இறங்குவார். ஆனால் குளிர் மாதங்களிலும் உங்கள் கட்டடத்தின் நடுப்பகுதிக்கு ஏசி வேண்டும், ஜன்னலே இல்லாத இடங்கள் அவை. ஆகவே பத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு வாடகைச் சில்லர், அதற்குத் தனி மின் இணைப்பு அல்லது ஜெனரேட்டர், வண்டி நிறுத்துமிடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஹோஸ்கள், ராத்திரி சத்தத்துக்குப் பக்கத்துக் கட்டடக்காரரின் புகார், இத்தனையும் வரும். கிரேனில் மிச்சம் பிடித்ததை டீசலுக்குக் கொடுத்துவிடுவோம். இது உங்கள் கட்டடத்துக்குப் பொருந்தாது.

இரண்டாவது வழிதான் உண்மையான போட்டி. ஒன்றைக் கழற்று, புதியதை வை, ஓட்டு, பிறகு அடுத்தது. ஒரு மிஷினுக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று பார்ப்போம். பழைய மிஷினிலிருந்து கேஸை முழுக்க சிலிண்டருக்கு எடுக்க வேண்டும், தண்ணீரை வடிக்க வேண்டும், பைப்பை வெட்ட வேண்டும், மிஷினைத் துண்டாக்கியோ முழுசாகவோ வெளியே இழுக்க வேண்டும். அடித்தளத்தைச் சரிசெய்து புதியதை உள்ளே நகர்த்தி, பைப் வேலை, மின் வேலை, கண்ட்ரோல் வேலை, பிரஷர் டெஸ்ட், பைப்பைக் கழுவிவிடுதல், அப்புறம்தான் தயாரிப்பாளரின் ஆள் வந்து ஸ்டார்ட் செய்வார். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஐந்து வாரம். மூன்றுக்கும் பதினைந்து வாரம். உங்களுக்கு இருக்கும் குளிர் மாதங்கள் பதினாறு வாரம்.

காகிதத்தில் இது சரியாக வருகிறது. ஒரு வாரம்தான் கையிருப்பு. தொழிற்சாலையிலிருந்து மிஷின் மூன்று வாரம் தாமதமாக வந்தால்? சுவரை உடைக்கும்போது கணக்கில் இல்லாத கேபிள் ஒன்று குறுக்கே வந்தால்? அப்போது வெயில் தொடங்கும் நேரத்தில் ஒரு சில்லர் வெறும் அடித்தளமாக நிற்கும், மற்ற இரண்டும் ஓட்டிப் பழகாத புதிய மிஷின்கள், ஸ்டாண்ட்பை கிடையாது. இன்னொன்றும் இருக்கிறது, இதை விற்பனை செய்ய வருபவர்கள் சொல்லமாட்டார்கள்: குளிர் மாதத்தில் மாட்டிய சில்லரை முழுச் சுமையில் சோதிக்கவே முடியாது. கட்டடத்தில் அவ்வளவு சூடு இருந்தால்தானே அது முழுக்க ஓடும். 40 சதவீதச் சுமையில் ஓட்டிப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கண்டென்சர் பக்கம் தண்ணீர் போதவில்லை என்பதோ, டிரைவ் சூடாகிறது என்பதோ, ஹை பிரஷர் ட்ரிப் என்பதோ முதல் கொளுத்தும் மதியத்தில்தான் வெளியே வரும். ஒரே மாடல், ஒரே சாஃப்ட்வேர், ஒரே ஆட்கள் மாட்டியது என்றால் அந்தக் கோளாறு மூன்றிலும் இருக்கும், மூன்றும் ஒரே மதியத்தில் ட்ரிப் ஆகும். ஒன்று மட்டும் புதியது என்றால், அது படுத்தாலும் பக்கத்தில் இரண்டு கிழங்கள் நிற்கின்றன, சத்தம் போட்டாலும் ஓடும்.

ஆனால் அந்தக் கிழங்கள் நிஜமாகவே ஒரு கோடையைத் தாங்குமா? என் யோசனையின் பலவீனமே இந்த இடம்தான், மறைக்க விரும்பவில்லை. மூன்றாம் நம்பரை முதலில் எடுக்கச் சொல்வது அதன் வயதுக்காக இல்லை. கண்டென்சரில் கேஸ் எந்த வெப்பத்தில் திரவமாகிறது, தண்ணீர் எந்த வெப்பத்தில் வெளியே போகிறது, இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் டியூப் சுத்தமாக இருந்தால் ஒன்று இரண்டு டிகிரிதான் இருக்கும். மூன்றாம் நம்பரில் பிரஷ் போட்டுக் கழுவிய பிறகும் ஐந்துக்குக் கீழே இறங்கவில்லை. எடி கரன்ட் சோதனையில் பல டியூப்களின் சுவர் பாதிக்குமேல் தேய்ந்திருப்பது தெரிந்தது, ஒழுகியவற்றை ஏற்கனவே அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு டியூப் ஓட்டையாகி, மிஷின் நிற்கும் நேரத்தில் தண்ணீர் கேஸ் பக்கம் புகுந்துவிட்டால் கம்ப்ரஸரோடு சேர்த்து எல்லாம் போகும்.

ஒன்றாம், இரண்டாம் நம்பர்களில் அந்த வித்தியாசம் இரண்டரை டிகிரிக்குள் இருக்கிறது. அது நல்ல அறிகுறி, ஆனால் போதாது. ஆர்டர் கொடுப்பதற்கு முன் அந்த இரண்டுக்கும் எடி கரன்ட் சோதனை, எண்ணெய்ப் பரிசோதனை, அதிர்வு அளவு, மோட்டார் வைண்டிங்குக்கு மெக்கர் டெஸ்ட், ஸ்டார்ட்டர் பேனலுக்கு தெர்மல் கேமரா, இவ்வளவும் செய்ய வேண்டும். எண்ணெயில் உலோகத் துகள் ஏறியிருந்தால் பேரிங் தேய்கிறது என்று அர்த்தம், அமிலம் ஏறியிருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. இரண்டில் ஒன்று தேறவில்லை என்றால் முதல் கட்டத்தில் ஒன்றுக்குப் பதில் இரண்டை மாற்றச் சொல்வேன். இரண்டும் தேறவில்லை என்றால் இந்தக் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவது வழிக்கே போவோம், மூன்றும் 300 டன்னாக.

தேறிவிட்டால் அவற்றுக்கு இன்னொரு ஆதரவும் கிடைக்கிறது. மூன்றும் ஒரே மாடல், மூன்றிலும் ஆர்-134ஏ கேஸ். மூன்றாம் நம்பரைக் கழற்றும்போது அதன் எண்ணெய்ப் பம்ப், கைடு வேன் மோட்டார், கண்ட்ரோல் போர்டு, ஸ்டார்ட்டரின் கான்டாக்டர்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பெட்டியில் வைக்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதுவோம். அந்தப் போர்டு இப்போது யாரிடமும் புதிதாகக் கிடைப்பதில்லை. அதிலிருந்து எடுக்கும் கேஸையும் ஈரம், அமிலம் பார்த்துச் சுத்தம் செய்து வைத்துக்கொண்டால் மற்ற இரண்டும் ஒழுகும்போது டாப்-அப் செய்ய அதுவே போதும். ஆர்-134ஏவின் புவி வெப்பமேற்றும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல 1430 மடங்கு, 2016இன் கிகாலி உடன்பாட்டுக்குப் பிறகு அதன் உற்பத்தியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள், இனி அது மலிவாகப் போவதில்லை. மூன்றையும் ஒன்றாகக் கழற்றினால் இந்த உதிரிகள் எல்லாம் ஒரே நாளில் வெறும் இரும்புக்கடைச் சரக்கு.

பணக் கணக்குக்கு வருகிறேன். மூன்றையும் இப்போதே மாற்றாமல் இருப்பதால் ஒரு வருட மின்சார மிச்சம் போய்விடுமே என்று உங்கள் கணக்காளர் கேட்டார். போகும், ஆனால் அவர் நினைக்கிற அளவு இல்லை. சில்லர்களுக்கான மின்மீட்டர் சரியாகவே ஓடுகிறது, அது வருடத்துக்கு 13.5 லட்சம் யூனிட் காட்டுகிறது. பழைய மிஷின்கள் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 0.85 கிலோவாட் இழுப்பதாக எடுத்துக்கொள்கிறேன், புதியவை வருடச் சராசரியில் 0.55. அதாவது 35 சதவீதம் மிச்சம். மூன்றையும் மாற்றினால் வருடத்துக்கு 4.7 லட்சம் யூனிட்.

மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றினால் மூன்றில் ஒரு பங்குதானே மிச்சமாகும் என்று தோன்றும். அப்படியில்லை. வருடத்தின் பெரும்பகுதி நேரம் உங்கள் கட்டடத்துக்கு ஒரு சில்லர்தான் ஓடுகிறது, கோடை மதியங்களில்தான் இரண்டாவது வருகிறது. புதியதை எப்போதும் முதல் ஆளாக ஓட்டினால் வருடத்தின் மொத்தக் குளிர்ச்சியில் மூன்றில் இரண்டு பங்கை அது ஒன்றே சுமக்கும். மிச்சம் 3.1 லட்சம் யூனிட். ஆக ஒரு வருடம் தள்ளிப்போடுவதால் இழப்பது 1.6 லட்சம் யூனிட், அதை உங்கள் மின்கட்டண விகிதத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். அதோடு கிரேனும் ஆட்களும் இரண்டாம் முறை வரும் செலவைக் கூட்டுங்கள். பிரிப்பதற்கு நீங்கள் தரும் விலை அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்தில் 300 டன்னுக்குப் பதில் 150 டன் வாங்கினால் மிஷின் விலையிலும் பம்ப், கேபிள் அளவிலும் மிஞ்சுவதை வையுங்கள், அதற்குமேல் பாதிப் பணத்தை ஒரு வருடம் கழித்துக் கொடுப்பதும் இருக்கிறது.

இரண்டாம் கட்டத்துக்கு விலை ஏறிவிடும் என்ற பயத்துக்கு வழி இருக்கிறது. ஒரே ஒப்பந்தமாகப் போட்டு இரண்டு கட்டத்துக்கும் இப்போதே விலை வாங்குவோம், இரண்டாம் கட்டத்தில் "300 அல்லது 150" என்று இரண்டு விலையும் எழுதி வாங்குவோம், செம்பு, எஃகு விலை ஏறினால் எந்தக் குறியீட்டின்படி எவ்வளவு ஏறலாம் என்பதையும் எழுதிவிடுவோம். இரண்டாம் கட்டத்தைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்ற வாசகம் மட்டும் இருக்கக் கூடாது. முதல் மிஷின் கோடையில் சொன்னபடி ஓடவில்லை என்றால் வேறு ஆளிடம் போகும் உரிமை நம் கையில் இருக்கட்டும். அவர்கள் ஒழுங்காக வேலை செய்ய இதைவிட நல்ல தூண்டுதல் எனக்குத் தெரிந்து இல்லை.

பிரிப்பதால் வரும் தொல்லைகள் என்று பார்த்தால், எனக்குப் பெரிதாகத் தெரிவது வால்வுகள்தான். மூன்று சில்லரும் பொதுவான ஹெட்டர் பைப்பில் இணைந்திருக்கின்றன. ஒன்றை வெட்டி எடுக்கும்போது மற்றவை ஓட வேண்டுமென்றால் அதன் வால்வுகள் இறுக்கமாக மூட வேண்டும். மூன்றாம் நம்பரின் பட்டர்ஃப்ளை வால்வுகளை மூடிவிட்டு, மிஷினின் வடிகால் குழாயைத் திறந்து வைத்தோம். உள்ளே இருக்கும் தண்ணீர் வடிந்ததும் நிற்க வேண்டும். அரைமணி நேரம் கழித்தும் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ரப்பர் சீட் போய்விட்டது. இந்த நிலையில் பைப்பை வெட்டினால் பிளாண்ட் ரூம் மிதக்கும்.

அதனால் ஒரு வார இறுதியில் முழு பிளாண்டையும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்துவதே நிறுத்துகிறோம், மூன்றாம் நம்பருக்கு மட்டும் போடாமல், மூன்று மிஷினுக்கும் நான்கு நான்காக, சில்டு வாட்டர் பக்கம் இரண்டு, கண்டென்சர் பக்கம் இரண்டு, மொத்தம் பன்னிரண்டு வால்வையும் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். லக் வகை வால்வாக இருக்கட்டும், பைப்பின் ஒரு பக்கம் கழற்றப்பட்டாலும் தனியாக நிற்கும். சர்வர் அறைகளுக்கு மட்டும் அந்த இரண்டு நாளுக்குத் தற்காலிக ஏசி வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்துவிட்டால் அடுத்த வருடம் மீதி இரண்டை மாற்றும்போது ஒரு மணி நேரம்கூட பிளாண்டை நிறுத்த வேண்டியதில்லை. ஒப்பந்தக்காரர் விலைப்பட்டியலில் நான்கு வால்வுதான் போட்டிருக்கிறார், "மீதி அடுத்த கட்டத்தில்" என்று. அதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு தொல்லை, பழையதும் புதியதும் அந்த ஒரு கோடையில் சேர்ந்து ஓடுவது. புதிய மிஷினுக்குள் தண்ணீர் போவது சுலபம், பழையதில் தடை அதிகம். இரண்டும் ஒரே ஹெட்டரில் இருந்தால் தண்ணீர் சுலபமான வழியிலேயே போகும், பழையதுக்குக் குறைவாகக் கிடைக்கும், அதன் ஃப்ளோ சுவிட்ச் அடிக்கடி ட்ரிப் ஆகும். அப்போது ஆபரேட்டர்கள் பழைய மிஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள், சிலர் அந்த சுவிட்சையே ஷார்ட் செய்துவிடுவார்கள், அது ஈவாப்பரேட்டர் டியூப் உறைந்து வெடிப்பதற்கான நேர்வழி. புதிய மிஷின் பக்கம் ஒரு பேலன்சிங் வால்வு வைத்து, இரண்டும் ஓடும்போது அளந்து நிறுத்திவிட்டால் போதும். கூலிங் டவர் தண்ணீரிலும் ஒரு சின்ன ஒழுங்கு வேண்டும். புதிய மிஷினுக்கு டவர் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியாக வருகிறதோ அவ்வளவு மின்சாரம் குறையும், பழையதுக்கு 20 டிகிரிக்குக் கீழே போனால் பிடிக்காது, எண்ணெய் சரியாகத் திரும்பாது. அதனால் புதியது மட்டும் ஓடும் நேரத்தில் டவரை நன்றாக இறக்கி ஓட்டலாம், பழையது சேரும்போது 20இல் நிறுத்த வேண்டும். இந்த விதியை ஒரு தாளில் எழுதி பேனல் மேல் ஒட்டினாலே போதும், இதற்காக முதல் வருடமே விலையுயர்ந்த ஆட்டோமேஷன் எல்லாம் வாங்கவேண்டாம், அது இரண்டாம் கட்டத்துக்கு இருக்கட்டும்.

நாள் கணக்கு இப்படி வருகிறது. புதிய மிஷின் ஆர்டர் கொடுத்ததிலிருந்து வந்து இறங்க ஐந்தாறு மாதம் ஆகும், ஆகவே குளிர் தொடங்கும்போது மிஷின் வாசலில் நிற்க வேண்டுமென்றால் ஆர்டர் இந்த மாதக் கடைசிக்குள் போயாக வேண்டும். அதற்கு முன் ஒன்றாம், இரண்டாம் நம்பர் சோதனைகளின் முடிவு வேண்டும், அதற்கு ஒவ்வொரு மிஷினையும் இரண்டு நாள் நிறுத்தினால் போதும், சனி ஞாயிறில் முடித்துக்கொள்ளலாம். முதல் கோடையில் வெயில் உச்சத்தில் இருக்கும் ஆறு எட்டு வாரத்தை மீட்டர் பதிவு செய்யும், அது முடிந்த உடனே 300ஆ 150ஆ என்று தீர்மானித்து இரண்டாம் ஆர்டரைக் கொடுத்தால் அடுத்த குளிருக்கு அவை வந்துவிடும். கோடை முடிந்து சாவகாசமாக யோசிக்கலாம் என்று விட்டால் மூன்றாவது கோடைக்கு இழுத்துவிடும், அந்தத் தவறு மட்டும் வேண்டாம்.

இப்போது உங்களிடமிருந்து வேண்டியது இரண்டே அனுமதி: அந்த இரண்டு மிஷின்களின் சோதனைக்கு, அப்புறம் பன்னிரண்டு வால்வு மாற்ற முழு பிளாண்டையும் நிறுத்தும் ஒரு வார இறுதிக்கு. வாடகைதாரர்களுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் தேதியை இந்த வாரமே சொல்லிவிட்டால் நல்லது. சோதனை முடிவுகள் வந்ததும் நானே நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆலோசகர்